எல்லாரும் சீட்லயே சாப்பிடுறாங்க, நான் மட்டும் எந்திரிச்சுப் போனா தப்பு பண்ற மாதிரி இருக்கு

கீழமாசி_பில்லிங்

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபார ஏஜென்சி, மாடியில ஆபீஸ். கணக்குப் பிரிவுல ஆறு பேர். காலை 9.30 முதல் சாயங்காலம் 6.30, ஞாயிறு லீவு. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல "மதிய உணவு இடைவேளை 1 மணி நேரம்"னு இருக்கு. ஆனா மத்த அஞ்சு பேரும் டிபன் பாக்ஸைக் கீபோர்டு பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒரு கை சோத்துல ஒரு கை மவுஸுலன்னு முடிச்சுர்றாங்க. பின்னாடி ஸ்டாக் ரூம் ஓரத்துல மேசை, ரெண்டு பெஞ்ச், கை கழுவுற இடம் எல்லாம் இருக்கு. அங்க போய் உக்காந்து சாப்பிடுறது நான் மட்டும்தான்.

யாரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா எந்திரிக்கும்போதே ஒரு கூச்சம். பத்து நிமிஷத்துல அள்ளிப் போட்டுட்டு ஓடி வந்துர்றேன். அதுக்கு ஈடா சாயங்காலம் ஏழு வரைக்கும் உக்காந்துர்றேன். இந்தக் குற்ற உணர்ச்சிக்கு ஏதாச்சும் நியாயம் இருக்கா, இல்ல சும்மா மனசுதானா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒத்தக்கடை

இதுல கூச்சப்பட என்னம்மா இருக்கு? அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவுல அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆகணும். சட்டத்துலயே இருக்கு. அரை மணி நேரம் உங்க உரிமை, அதுக்கு மேல எடுத்தா அது முதலாளி பெருந்தன்மை. அரை மணியில முடிச்சுட்டு வந்துருங்க, பிரச்சினையே இல்ல.

சோறு_முக்கியம்

சோத்தைக் குறைங்க தங்கச்சி. ஒரு கரண்டி சாதம், ரெண்டு கரண்டி கூட்டு, மோர் ஒரு டம்ளர். அப்பத்தான் மூணு மணிக்குத் தூக்கம் சொக்காது. புளிசாதம், தயிர்சாதம் ரெண்டையும் ஒண்ணாக் கொண்டு போனீங்கன்னா எங்க உக்காந்து சாப்பிட்டாலும் கண்ணு சொருகத்தான் செய்யும்.

கீழமாசி_பில்லிங்

அண்ணே, தூக்கம் பத்திக் கேக்கல. எந்திரிச்சுப் போறதுல வர்ற கூச்சத்தைப் பத்திக் கேட்டேன்.

சோறு_முக்கியம்

அது சரி. ஆனா கூட்டு விஷயத்தை மறந்துராதீங்க.

பதிவேடு

ஒத்தக்கடைத் தம்பி சொன்னதுல பாதி சரி. அஞ்சு மணி நேரம், அரை மணி ஓய்வுங்கிறது 1948 தொழிற்சாலைச் சட்டத்துல இருந்த கணக்கு. கப்பலூர்ல மில்லுல வேலை பாக்குறவங்க மாதிரி ஆளுங்களுக்காக வந்தது அது. இந்தப் பொண்ணு இருக்கிறது மொத்த வியாபாரக் கடையோட ஆபீஸ். 1947 தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல "கடை"ங்கிறதுக்குள்ள அந்த வியாபாரத்தோட ஆபீஸ், குடோன் எல்லாமே அடங்கும். அதுல 9-ஆம் பிரிவு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். குறைஞ்சது ஒரு மணி நேரம் ஓய்வு விடாம நாலு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கவும் கூடாது, செய்ய விடவும் கூடாது. "விடவும் கூடாது"ங்கிறதைக் கவனிங்க. ஆளே ஆசைப்பட்டு உக்காந்தாலும் கடைக்காரர் பொறுப்புல இருந்து தப்ப முடியாது.

இப்ப உங்க நேரத்தை அதுல வச்சுப் பாருங்க. 9.30-ல இருந்து 6.30 வரைக்கும் ஒன்பது மணி நேரம். ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குப் போக எட்டு. ஆறு நாளைக்கு 48. கடிகாரம் மாதிரி சரியா அமைஞ்சிருக்கு, அந்த லெட்டரை எழுதினவருக்கு விவரம் தெரிஞ்சிருக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்குச் சம்பளக் கணக்கே கிடையாது. அது முதலாளியோட நேரம் இல்ல, உங்களோடது. சீட்ல உக்காந்து பில் போட்டுக்கிட்டே சாப்பிடுற அஞ்சு பேரும் வாரத்துக்கு 54 மணி நேரம் உழைக்கிறாங்க. ஓவர்டைம் சேர்த்தே சட்டம் விடுற உச்ச வரம்பு அது. அந்த ஆறு மணி நேரத்துக்கு ரெட்டைச் சம்பளம் வரணும், 31-ஆம் பிரிவு. யாருக்கும் வந்திருக்காது.

நீங்க பத்து நிமிஷத்துல சாப்பிட்டு ஏழு மணி வரைக்கும் இருக்கீங்கல்ல, அதையும் போட்டுப் பாருங்க. மதியம் 50 நிமிஷம், சாயங்காலம் 30 நிமிஷம், ஆக ஒரு நாளைக்கு 80 நிமிஷம். வாரத்துக்கு எட்டு மணி நேரம், அதாவது ஒரு முழு நாள். எந்திரிச்சுப் போன குற்றத்துக்கு ஏழாவது நாள் வேலை செய்றீங்க. சீட்ல சாப்பிடுறவங்களை விட நீங்கதான் அதிகம் கொடுக்கிறீங்க!

ஒத்தக்கடை

சரிண்ணே, ஃபேக்டரி வேற கடை வேறன்னு தெரியாமப் போச்சு. ஆனா சட்டத்தைத் தூக்கிக்கிட்டு முதலாளிகிட்டப் போனா அடுத்த மாசம் வேலை இருக்குமா?

பதிவேடு

போகச் சொல்லவே இல்லையே. முதலாளி அவங்களை ஒண்ணும் சொல்லல. இந்தக் கணக்கு அவங்க மனசுக்குள்ள இருக்கிற தராசுக்குத்தான். பொறுப்புல, மேலாளர் நிலையில இருக்கிறவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, சில வகை நிறுவனங்களுக்கு அரசு விலக்கும் கொடுக்கலாம். அதனால இதைப் படிக்கிற எல்லாரும் அப்படியே எடுத்துக்கிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிராதீங்க.

தேனி_பஸ்

சீட்ல சாப்பிடுற கூட்டத்துல நானும் ஒருத்தி, அதனால அந்தப் பக்கத்தையும் சொல்றேன். அரை மணி முன்னாடியே கிளம்பிக்கிறேன்னு ஆபீஸ்ல சொல்லித்தான் மதியம் சீட்லயே சாப்பிடுறேன். ஆரப்பாளையத்துல ஆறு மணிக்குள்ள ஏறிட்டா உக்காந்து போகலாம், விட்டா உசிலம்பட்டி வரைக்கும் நின்னுக்கிட்டே போகணும். இதுல தியாகமும் இல்ல, அடுத்த சீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போறாங்களேன்னு ஒரு நாளும் நினைச்சதும் இல்ல. உங்க அஞ்சு பேர்லயும் ஒருத்தர் வீட்டுக்கு ஓட, ஒருத்தர் போன்ல வீடியோ பாக்க, ஒருத்தர் பின்னாடி மேசைக்கு வரப் பிடிக்காமன்னு காரணம் ஆளுக்கு ஒண்ணா இருக்கும். அஞ்சு பேரும் சேர்ந்து உங்களைப் பாக்கிற மாதிரி உங்களுக்குத் தோணுது, அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். நீங்க இல்லாத நேரத்துல உங்க வேலை யார் தலையில விழுது? அப்படி விழுந்தா, அவங்க மட்டும் உங்களைக் கவனிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க.

பதிவேடு

கேட்டீங்க பாருங்க, அதுதான் கேள்வி. நியாயம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க வழி சுலபம். ஒரு வாரம் ஒரு நோட்டுல நாலு கட்டம் போடுங்க. சாப்பாட்டு நேரத்துல என்ன வந்துச்சு, எத்தனை மணிக்கு, யார் எடுத்துச் செஞ்சாங்க, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அது காத்திருக்க முடிஞ்சிருக்குமா. நீங்க எந்திரிச்சதும் யாராச்சும் முகம் சுளிச்சாங்களான்னு எழுத வேண்டாம், அது கணக்குல வராது. நடந்ததை மட்டும் எழுதுங்க. நாலாவது கட்டத்துல "முடியாது"ன்னு எதுவுமே வரலேன்னா அது வெறும் மனசு. வந்துச்சுன்னா அதுக்கு ஏற்பாடு பண்ணலாம்.

மாடிக்கடை

நான் கடை வச்சிருக்கிறவன். முதலாளி பக்கம் ஒண்ணு சொல்லட்டுமா. ஒரு ஆள் ஒரு மணி நேரம் சாப்பிடப் போறது எங்களுக்குப் பிரச்சினையே இல்லைங்க. எப்பப் போறார், எப்ப வருவார்னு தெரியாததுதான் பிரச்சினை. ஒரு நாள் ஒண்ணே காலுக்கு, ஒரு நாள் ரெண்டு மணிக்கு, ஒரு நாள் அஞ்சு நிமிஷத்துல ஓடி வந்து நிக்கிறது. வண்டிக்காரன் கீழ நிக்கும்போது "அவங்க சாப்பிடப் போயிருக்காங்களா, வந்துட்டாங்களா"ன்னு மாடிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கு. தினமும் ஒரே நேரத்துக்குப் போயிட்டு ஒரே நேரத்துக்கு வந்தா, ரெண்டு வாரத்துல எல்லாருக்கும் பழகிரும். கேக்க வேண்டியதை முன்னாடியே கேட்டு வச்சுருவாங்க.

இன்னொண்ணு. "சார், சாப்பிடப் போகட்டுமா?"ன்னு தினமும் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா அனுமதி கொடுக்கிற வேலையை எங்க தலையில கட்டுறீங்க, அன்னைக்கு மூட் சரியில்லேன்னா "கொஞ்சம் பொறு"ன்னு வாயில வந்துரும். "சாப்பிட்டு ரெண்டே காலுக்கு வந்துர்றேன் சார்"னு சொல்லிட்டுப் போங்க, போதும்.

கீழமாசி_பில்லிங்

ஒரு வாரம் எழுதிப் பாத்தேன். வந்ததுல முக்காவாசி கடைக்காரங்க போன்: "என் ஆர்டர் ஏறியாச்சா?", "போன மாச பாக்கி எவ்வளவு?" அதெல்லாம் ரெண்டு மணிக்கு மேல சொல்லியிருந்தாலும் ஒண்ணும் கெட்டிருக்காது. காத்திருக்க முடியாதது ஒண்ணே ஒண்ணு. மதியம் விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் போற வண்டிக்கு இ-வே பில். டிரைவர் கீழ நிப்பார், பில் வராமக் கிளம்ப முடியாது. நான் இல்லேன்னா புதுசா சேர்ந்த தம்பி சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் கையைத் துடைச்சுட்டுப் போட வேண்டியிருக்கு. ஒரு நாள் வண்டி நம்பரைத் தப்பா அடிச்சுட்டான். அக்கா சொன்னது சரிதான். அஞ்சு பேர் தலையிலயும் விழல, ஒருத்தன் தலையில விழுது. அதுவும் இருக்கிறதுலயே சின்னவன்.

பதிவேடு

இப்ப விஷயம் கைக்கு வந்துருச்சு. குற்ற உணர்ச்சியில நியாயமான பங்கு அந்த இ-வே பில் மட்டும்தான், அதைச் சாப்பாட்டு நேரத்துல இருந்து எடுத்துட்டா முடிஞ்சது.

இ-வே பில்லுக்கு ரெண்டு பகுதி. முதல் பகுதியில பில் நம்பர், சரக்கு, மதிப்பு, யாருக்குங்கிறது. ரெண்டாவதுல வண்டி நம்பர். ரெண்டையும் ஒரே நேரத்துல போடணும்னு கட்டாயம் இல்ல. வேலை பூரா முதல் பகுதியிலதான், பில் தயாரானதுமே அதைப் போட்டு வச்சிரலாம். வண்டி வந்ததும் நம்பரை ஏத்துறது ஒரு நிமிஷ வேலை. மதிய வண்டிக்கு ஏத்த வேண்டிய பில் எல்லாம் 12.45-க்குள்ள உங்க மேசைக்கு வந்துரணும்னு குடோன்ல சொல்லி வைங்க. ஒரு மணிக்குள்ள முதல் பகுதியை முடிச்சு, பில் நம்பர், கடைப் பேர், இ-வே பில் நம்பர் மூணையும் ஒரு தாள்ல வரிசையா எழுதி குடோனுக்கு அனுப்பிருங்க. எந்த வண்டின்னு அப்பவே முடிவாகியிருந்தா நம்பரையும் சேர்த்தே போட்டுரலாம். அப்பறம் டிரைவர் உங்களைத் தேட வேண்டியதே இல்ல.

வண்டி கடைசி நேரத்துல மாறுற வழக்கம் இருந்தா, குடோன் பொறுப்பாளருக்குத் தனி லாகின் கொடுக்கச் சொல்லுங்க. போர்ட்டல்ல துணைப் பயனர் உருவாக்குற வசதி இருக்கு, முதலாளியோட மெயின் லாகின்ல இருந்து செய்யணும். எல்லாரும் ஒரே பாஸ்வேர்டைப் பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சிருப்பீங்க, தெரியும். தனி லாகின் இருந்தா யார் போட்டதுன்னு தெரியும், அந்தத் தம்பி மேல பழி வராது. நம்பர் தப்பாயிருச்சுன்னா வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி சரியான நம்பரை ஏத்திரலாம், பில்லை ரத்து பண்ண ஓட வேண்டாம். முதல் பகுதியில சரக்கோ மதிப்போ தப்புன்னாத்தான் ரத்து, அதுக்கு 24 மணி நேரம் இருக்கு.

எல்லாச் சரக்குக்கும் இது வேணுங்கிறதும் இல்ல. தமிழ்நாட்டுக்குள்ளயே போறதுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல போனாத்தான். வெளிமாநிலத்துக்கு 50,000. பயத்துல சின்ன பில்லுக்கும் போட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா அதை நிறுத்தினாலே பாதி வேலை குறையும்.

மாடிக்கடை

12.45-ங்கிறதை குடோன்ல ஒரு வாரத்துக்குக் காதுல வாங்க மாட்டாங்க. முதல் நாள் 1.05-க்கு ஒருத்தன் பில்லோட வருவான். அப்பப் போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா அந்த 12.45 அன்னைக்கே செத்துருச்சு. "ரெண்டே காலுக்குப் போட்டுத் தர்றேன்"னு சொல்லுங்க. வண்டி அவ்வளவு நேரம் நிக்குமேன்னு அவனே அடுத்த நாள் பன்னிரண்டரைக்கு வந்துருவான். ஆனா முன்னாடியே முதலாளிகிட்ட "இப்படி மாத்தப் போறோம் சார், மதிய வண்டி சீக்கிரம் கிளம்பும்"னு சொல்லி வச்சுருங்க. வண்டி சீக்கிரம் கிளம்பும்ங்கிற வார்த்தைக்கு எந்த முதலாளியும் மறுப்புச் சொல்ல மாட்டான்.

ஒத்தக்கடை

ஆறு பேரையும் ரெண்டு பந்தியாப் பிரிச்சா என்ன? ஜவுளிக்கடையில அப்படித்தானே போறாங்க. மூணு பேர் ஒரு மணிக்கு, மூணு பேர் ரெண்டு மணிக்கு. போனை எடுக்க எப்பவும் ஆள் இருக்கும்.

பதிவேடு

யோசனை நல்லது தம்பி, நேரம் இடிக்குது. 9.30-க்கு ஆரம்பிக்கிறவங்களுக்கு நாலு மணி நேரம் 1.30-க்கு முடிஞ்சிரும். ரெண்டாவது பந்தி ரெண்டு மணின்னா அரை மணி நேரம் தாண்டிரும். முதல் பந்தி 12.30, ரெண்டாவது 1.30-ன்னு வச்சா சரியா உக்காரும். என்ன, பன்னிரண்டரைக்குப் பசிக்காதுன்னு மூணு பேர் சொல்லுவாங்க. வாரம் மாத்தி வாரம் பந்தியை மாத்திக்கணும், இல்லேன்னா சின்னவங்களை நிரந்தரமா 12.30-ல தள்ளி விட்டுருவாங்க.

தேனி_பஸ்

பந்தி பிரிக்கிறது முதலாளி சொல்லி நடக்கணும், இவங்களால தனியா முடியாது. தனியா முடியுறதுக்கு வருவோம். எந்திரிக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி புது வேலை எதையும் ஆரம்பிக்காதீங்க. பாதியில விட்ட வேலை சாப்பிடும்போது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், அதை நாம குற்ற உணர்ச்சின்னு நினைச்சுக்கிறோம். டேலியில வவுச்சரைத் திறந்து வச்சுட்டுப் போகாம Ctrl+A குடுத்துச் சேமிச்சுருங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் சரிபார்த்துக்கிட்டு இருந்தா கடைசியா டிக் அடிச்ச வரியில பென்சில்ல ஒரு கோடு. Win+L அடிச்சு ஸ்கிரீனைப் பூட்டிட்டு எந்திரிங்க.

சாப்பாட்டை மேசையில வச்சுட்டு வாட்ஸ்அப்பைத் திறக்காதீங்க. கடைக்காரங்க குரூப்ல இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சுன்னா இடம் மட்டும்தான் மாறியிருக்கும், வேலை மாறியிருக்காது.

திரும்பி வந்ததும் "சாரி, லேட்டாயிருச்சு"ன்னு சொல்ற பழக்கம் இருந்தா விட்டுருங்க. நீங்க லேட்டே இல்ல. "ஏதாச்சும் வந்துச்சா தம்பி?"ன்னு கேளுங்க. அவனுக்கும் நீங்க அக்கறையாக் கேக்குற மாதிரி இருக்கும்.

கீழமாசி_பில்லிங்

ஏழு மணி வரைக்கும் உக்காருறதை நிறுத்திரலாம்னு இருக்கேன். அதான் பயமா இருக்கு. 6.30-க்கு எந்திரிச்சா "மதியமும் போறா, சாயங்காலமும் டைமுக்குக் கிளம்பிர்றா"ன்னு வராதா?

பதிவேடு

ரெண்டையும் ஒரே வாரத்துல மாத்தாதீங்க. முதல்ல இ-வே பில் ஏற்பாடு, அது ஓடட்டும். அடுத்தது சாப்பாட்டு நேரத்தை 1.15-க்குத் தொடங்கி நிலையா வைங்க. பத்து நிமிஷத்துல இருந்து நேரா ஒரு மணி நேரத்துக்குத் தாவ வேண்டாம், முப்பது நிமிஷம், அப்பறம் நாற்பத்தஞ்சு, அப்பறம் முழுசுன்னு ஏத்துங்க. சாயங்காலத்தைக் கடைசியாத் தொடுங்க. ஆனா தொட்டே ஆகணும். ஈடுகட்டுற வரைக்கும் உங்க மனசு மதியத்தைக் கடனாத்தான் எழுதி வைக்கும்.

மாசத்துல ரெண்டு நாள் மட்டும் விதிவிலக்கு. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி, ரெண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கும் கடைசி நாள். அன்னைக்கு மதியத்துக்கு மேல போர்ட்டல் எப்படி இழுக்கும்னு உங்களுக்கே தெரியும். சாப்பாட்டை விட்டுராதீங்க, 12.30-க்கு முன்னாடி தள்ளிக்கோங்க. அன்னைக்கு அரை மணியில முடிச்சாலும் அது உங்க முடிவுன்னு வச்சுக்கலாம். மறுநாள் பழையபடி.

சோறு_முக்கியம்

மூணு மணித் தூக்கம் சாப்பிடாம இருந்தாலும் வரும்னு என் மச்சான் சொல்றான், உடம்போட கடிகாரமே அப்படியாம். இருந்தாலும் கூட்டு ரெண்டு கரண்டிங்கிறதுல நான் மாற மாட்டேன். அந்தத் தம்பியையும் பின்னாடி மேசைக்குக் கூப்பிடுங்க தங்கச்சி. ரெண்டு டிபன் பாக்ஸ் இருந்தா கூட்டுப் பொரியல் மாத்திக்கலாம்.

மாடிக்கடை

கூப்பிட்டா போனை யார் எடுக்கிறது?

கீழமாசி_பில்லிங்

கூப்பிட்டுப் பாத்தேன். "வேணாம்க்கா, சீட்லயே சாப்பிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்"கிறான். அவனுக்கும் அதே கூச்சம்தான்னு நினைக்கிறேன். குடோன்ல 12.45 ரெண்டு நாள் ஓடுச்சு, நேத்து 1.10-க்கு ஒருத்தர் பில்லோட வந்து நின்னார், வயசுல பெரியவர். ரெண்டே காலுக்குன்னு சொல்ல வாய் வரல, போட்டுக் கொடுத்துட்டேன்.

மாடிக்கடை

அவர்கிட்ட நீங்க சொல்ல வேண்டாம். குடோன் கதவுல ஒரு தாள்ல "மதிய வண்டி பில் 12.45 வரை"ன்னு எழுதி முதலாளி கையெழுத்தோட ஒட்டச் சொல்லுங்க. பெரியவங்க ஆள் சொன்னாக் கோவிப்பாங்க, தாள் சொன்னாக் கேப்பாங்க.

பதிவேடு

ஒட்டும்போது இடைவேளை நேரத்தையும் அதே தாள்ல கீழ சேர்த்துருங்க. 1.15 முதல் 2.15. அந்தத் தம்பிக்கும் சேர்த்துத்தான்.